மூன்று அட்டைகளில் ஒரு ரத்த நோய்

உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் இருபது அமினோ அமிலங்களையும் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வார்கள். அகர வரிசையில் அடுக்கினால் பெயர் மட்டும்தான் நாக்கில் நிற்கும். இந்த இருபதுக்கும் அடிப்படைச் சட்டகம் ஏறக்குறைய ஒன்றே. அதிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலிதான் ஆளுக்கு ஆள் வேறு. எனவே அட்டைகளைப் பக்கச் சங்கிலியின் குணம் பார்த்துப் பிரிப்பதே சரி.

லைசினும் ஆர்ஜினினும் உடலுக்குள் நேர்மின்சுமை ஏந்துகின்றன. ஆஸ்பார்டிக் அமிலமும் குளுட்டாமிக் அமிலமும் எதிர்மின்சுமை ஏந்துகின்றன. செரின், அஸ்பராஜின் போன்றவற்றுக்குச் சுமை இல்லை. ஆனாலும் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். வாலின், லூசின், பினைல்அலனின் வகையறா தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி, புரதத்தின் உட்புறம் போய் ஒளிந்துகொள்ளும். குழுவுக்கொரு நிறத்தில் அட்டையின் ஓரத்தைத் தீட்டிவிடலாம்.

இந்தப் பிரிவினை எதற்கு உதவும்? அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளிக்கு அங்கே வாலின் இருக்கிறது. 1950களில் வெர்னான் இங்க்ரம் கண்டறிந்த வித்தியாசம் இவ்வளவுதான். சுமையுள்ள அட்டையை எடுத்துவிட்டு, தண்ணீருக்கு ஆகாத அட்டையைப் புரதத்தின் வெளிப்புறத்தில் வைத்தாயிற்று. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் அந்த வாலின், பக்கத்து மூலக்கூறில் தன்னைப் போலவே தண்ணீரை வெறுக்கும் ஒரு குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது. மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொள்ள, சிவப்பணு அரிவாள்போல வளைகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது.

அதே ஆறாவது இடத்தில் லைசின் வந்தால்? அது ஹீமோகுளோபின் சி. தண்ணீரோடு ஒத்துப்போகும் அமிலம் என்பதால் அந்த இழைகள் உருவாவதில்லை, நோயும் மிதமானது. ஆனால் சுமைக் கணக்கு மாறிவிடுகிறது. குளுட்டாமிக் அமிலத்துக்கு −1, வாலினுக்கு 0, லைசினுக்கு +1. காரத்தன்மையுள்ள கரைசலில் மின்சாரம் செலுத்தினால், இயல்பான ஹீமோகுளோபின் நேர்மின்முனை நோக்கி முதலில் ஓடும். அரிவாள் வகை பின்தங்கும். சி வகை கடைசியில் வரும். ஆய்வுக்கூடத்தில் வரிசையாகத் தெரியும் பட்டைகளுக்கு இந்த மூன்று அட்டைகளே விளக்கம்.

எந்தக் குழுவிலும் அடங்காத அட்டைகளும் உண்டு. ஹிஸ்டிடினை நேர்மின்சுமைக் குழுவில் எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. அதன் பக்கச் சங்கிலி பிஎச் 6 அளவில்தான் சுமையை ஏற்கவும் விடவும் செய்கிறது; ரத்தத்தின் பிஎச் 7.4. அங்கே பெரும்பாலும் சுமையில்லாமலேயே இருக்கும். இப்படி இரண்டு பக்கமும் சாய்வதால்தான் பல நொதிகள் புரோட்டானைக் கைமாற்றிவிட அதைப் பயன்படுத்துகின்றன. கிளைசின் வேறு மாதிரி. பக்கச் சங்கிலி என்று அதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன். கொலாஜனில் மூன்றுக்கு ஒரு இடத்தை அது பிடித்திருப்பதற்குக் காரணம், அந்த நெருக்கத்தில் வேறெதுவும் நுழையாது. அங்கே பெரிய அமிலம் வந்தால் எலும்பு எளிதில் முறியும் நோய் வரக்கூடும்.

குழு வரிசையிலேயே படித்துக்கொண்டிருந்தால், முந்தின அட்டையைப் பார்த்தே அடுத்ததை ஊகித்துவிடுவோம். கலைத்துப் போட்டு, இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றின் இடத்தில் மற்றது வந்தால் புரதம் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். லூசினுக்கு ஐசோலூசின் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிஸ்டீனுக்குச் செரின் என்றால், இரண்டு கந்தக அணுக்கள் போட்டிருந்த பாலம் அறுந்துபோகலாம்.