மூலமும் உரையும்

கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள நிலம் கரிசல் நிலம். ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத இந்நிலத்து உழவர் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிக்கின்றனர். கோடையில் ஒரு மழை பெய்தால் உடனே ஏரைப் பூட்டி உழுவர். புரண்ட கட்டிகளை வெயிலில் நன்றாகக் காயவிடுவர். இவ்வாறு காய்ந்த நிலம் பின்னர் வரும் மழையை ஏற்று நல்ல விளைவைத் தரும் என்பது அவர்தம் பட்டறிவு.

இதே செய்தியைத் திருக்குறளின் உழவு என்னும் அதிகாரத்தில் 1037ஆம் குறள் கூறுகின்றது. ஆனால் உரையின் துணையின்றி அக்குறளைப் படிப்பவர் அதன் முதற்சொல்லிலேயே தடைப்படுவர். ‘தொடி’ என்னும் சொல்லுக்கு நாம் அறிந்த பொருள் வளையல் என்பது. வளையலுக்கும் புழுதிக்கும் என்ன தொடர்பு? அடுத்து வரும் ‘கஃசு’ என்னும் சொல்லோ இன்று வழக்கிலேயே இல்லை. தொடி என்பது ஒரு பலம் என்னும் நிறை என்றும், கஃசு என்பது காற்பலம் என்றும் பரிமேலழகர் உரை நமக்குத் தெரிவிக்கின்றது. ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இடாமலே பயிர் செழிக்கும் என்பது அப்பொழுது விளங்குகின்றது. வழக்கொழிந்த அளவுப் பெயர்களின் பொருளை உரை காத்துத் தந்தது. இது உரையாசிரியரால் நாம் பெற்ற பெரும்பயன்.

எனினும் ஆராய்ச்சி செய்வோன் இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. ஒரு பலம் காற்பலமாக வேண்டுமாயின் நான்கில் மூன்று பங்கு எடை நீராக வெளியேற வேண்டும். அஃதாவது, மண்ணின் எடையைப்போல மும்மடங்கு நீர் அதனுள் இருந்திருக்க வேண்டும். நீரை மிகுதியாகப் பிடித்துவைக்கும் கரிசல் மண்ணிலும் ஏர் நடக்கும் பதத்தில் அவ்வளவு ஈரம் இராது. ஆகவே அக்குறள் துல்லியமான எடையைக் குறித்ததா, நன்றாக உலர்த்த வேண்டும் என்பதை மிகுத்துக் கூறியதா என்னும் வினா எழுகின்றது. சொல்லின் பொருளை உரையிடம் கேட்டறியலாம். அப்பொருள் நிலத்தோடு எவ்வளவு பொருந்தும் என்பதை நிலத்திடமே கேட்க வேண்டும்.

உரை பொருளைக் காப்பதோடு சில இடங்களில் அதனைக் குறுக்குவதும் உண்டு. மக்களைப் பெறும் பேற்றைப் பற்றிய ஏழாம் அதிகாரம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் முதற்குறளாகிய 61ஆம் குறள், அறிய வேண்டியவற்றை அறிந்த மக்களைப் பெறுவதினும் சிறந்த பேறு வேறில்லை என்று கூறுகின்றது. ‘மக்கள்’ என்னும் சொல் ஆண், பெண் ஆகிய இருபாலார்க்கும் பொதுவானது. பரிமேலழகரோ, அறிவறிந்த என்னும் அடைமொழி இருத்தலால் இங்கு மக்கள் என்னும் சொல் பெண்ணை ஒழித்து நின்றது என்று எழுதினார். அதிகாரத்திற்கும் ‘புதல்வரைப் பெறுதல்’ என்றே பெயர் கொண்டார். 69ஆம் குறளில், தன் மகனைச் சான்றோன் என்று கேட்ட தாய் மகிழ்வதாக வருகின்றது. பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள். ஆதலால் ‘கேட்ட’ என்றார் என்பது அவர் தரும் விளக்கம். தன் மகனின் பெருமையைப் பிறர் வாயால் கேட்பதில் தாய்க்கு இன்பம் மிகும் என்று பொருள் கொள்ளவும் அக்குறள் இடம் தருகின்றது. அறியாமையைத் தாயின் மேல் ஏற்றியது குறள் அன்று, உரையே.

பரிமேலழகர் காரணமின்றி இவ்வாறு எழுதினார் என்றும் சொல்லுதல் பொருந்தாது. அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களையும் எண்ணிப் பார்ப்போம். 67, 69, 70 ஆகிய மூன்றில் மகன் என்னும் சொல் வருகின்றது. எஞ்சிய ஏழிலும் மக்கள் என்னும் சொல்லே வருகின்றது. அம்மூன்றைக் கொண்டு ஏழுக்கும் பொருள் கண்டார் பரிமேலழகர். அவர் வாழ்ந்த காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பர். கல்வி ஆடவர்க்கே உரியது என்னும் கருத்து ஓங்கியிருந்த அக்காலச் சூழல் அவர் உரையில் கலந்தது எனக் கருத இடமுண்டு. மூலம் கூறுவது எது, உரை கூட்டியது எது என்பதைப் பிரித்தறியாதவர், பெண்ணுக்கு அறிவில்லை என்பதைத் திருவள்ளுவரின் கருத்தாகவே மேற்கோள் காட்டிவிடுவர்.

இவ்வேறுபாட்டை அறிதற்கு எளிய வழி, வேறோர் உரையோடு ஒப்பிடுதல். திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினர் என்பது மரபு. அவருள் பரிமேலழகர்க்கு முற்பட்டவர் மணக்குடவர். அவர் அவ்வதிகாரத்தை மக்கட்பேறு என்றே வழங்கினார். மக்கள் என்னும் சொல்லிலிருந்து பெண்ணை விலக்கவில்லை. பரிமேலழகர் உரையோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறிக் கற்றோரிடையே பெருவழக்குப் பெற்றது. ஆதலால் பலர்க்குத் திருக்குறள் என்பதும் பரிமேலழகர் கண்ட திருக்குறள் என்பதும் ஒன்றாகவே தோன்றின.

மணக்குடவர் உரையை அச்சுக்குக் கொண்டுவந்தவருள் ஒருவர் இக்கரிசல் நிலத்தைச் சேர்ந்தவரே. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர் வ. உ. சிதம்பரனார். கப்பலோட்டியவர் என நாம் அறிந்த அப்பெரியார், 1912ஆம் ஆண்டில் சிறையினின்று மீண்ட பின்னர்த் தமிழ் நூல்களைப் பதிப்பிக்கலானார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் அறத்துப்பாலுக்குத் தாமே ஓர் உரையும் எழுதி வெளியிட்டார். இரண்டு உரைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தபோதுதான், ஒவ்வோர் உரையும் உரையாசிரியர் ஒருவரின் கருத்து என்பது கற்போர்க்குத் தெளிவாயிற்று.

இன்று நம் கையிலுள்ள திருக்குறட் பதிப்புகள் இரு மரபுகளின் கலப்பாக இருத்தலைக் காணலாம். ஏழாம் அதிகாரத்தின் பெயர் பெரும்பாலும் மக்கட்பேறு என்றே அச்சிடப்படுகின்றது. ஆனால் அதிலுள்ள குறள்களை நாம் வரிசைப்படுத்தி எண்ணும் முறை பரிமேலழகருடையது. மணக்குடவர் கொண்ட வரிசை பல அதிகாரங்களில் வேறு. இக்கட்டுரையில் 61 என்றும் 69 என்றும் எழுதியபோதே நாம் பரிமேலழகரின் வழியில் நடந்துவிட்டோம். உரையை மறுப்பவரும் அவ்வுரையாசிரியர் வகுத்த எண்ணைக் கொண்டே மறுக்கின்றனர்.

ஆகவே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் முதலில் மூலத்தை மட்டும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் உரையைப் படித்து, மூலத்தில் இல்லாமல் உரையில் மட்டும் உள்ள சொற்களின் கீழே கோடிட வேண்டும். அவ்வாறு கோடிட்டால் 1037ஆம் குறளில் பலம், காற்பலம் என்னும் அளவுகள் வெளிப்படும். 61ஆம் குறளில் பெண்ணை ஒழித்தல் என்பது வெளிப்படும். இரண்டும் உரையாசிரியர் தந்தவையே. முன்னது மூலத்திலுள்ள சொல்லுக்குப் பொருள் கூறுகின்றது. பின்னது மூலத்தில் இல்லாத வரம்பை இடுகின்றது. முன்னதை நன்றியோடு ஏற்று, பின்னதை வேறோர் உரையோடும் அதே அதிகாரத்துப் பிற குறள்களோடும் ஒப்பிட்டுத் துணிதல் வேண்டும்.