யார் கையெழுத்து போடலாம், யார் செலவு செய்யலாம், எவ்வளவு வரைக்கும்?



கூட்டமைப்புக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "பேங்க்ல யார் கையெழுத்து போடணும்னு ஏற்கனவே தீர்மானம் போட்டுக் கொடுத்தாச்சே சார், இன்னும் எதுக்கு இன்னொரு தீர்மானம்?" நியாயமான கேள்விதான். ஆனால் வங்கிக்குக் கொடுத்த அந்தத் தீர்மானத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்து கணக்கை இயக்கலாம் என்று மட்டும்தான் இருக்கும். எந்தச் செலவுக்கு, எவ்வளவு வரைக்கும், யாரைக் கேட்டு என்று ஒரு வரிகூட இருக்காது. இரண்டு கையெழுத்து சரியாக இருந்து கணக்கில் பணமும் இருந்தால், ஐநூறு ரூபாய் செக்கானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் செக்கானாலும் வங்கி பணம் கொடுத்துவிடும். உங்கள் செயற்குழு சம்மதித்ததா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்க வேண்டியது நாம்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் பார்த்த ஒரு கூட்டமைப்பைச் சொல்கிறேன். அவர்கள் மாவு மில் நடத்தி வந்தார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மோட்டார் காயில் எரிந்துபோனது. காயில் கட்ட ரூ.6,200 ஆகும், முன்பணம் வேண்டும் என்றார் மெக்கானிக். தலைவி அக்கா மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். செயலாளரும் பொருளாளரும் ஊரில்தான் இருந்தார்கள், செக் புத்தகமும் இருந்தது. ஆனால் பொருளாளர் கையெழுத்து போடப் பயந்தார். "நாளைக்கு கூட்டத்துல யாரைக் கேட்டு கொடுத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். தலைவி அக்கா திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. முறுக்கு மாவும் அதிரச மாவும் அரைக்க வந்த ஜனம் எல்லாம் மெயின் ரோட்டு மில்லுக்குப் போய்விட்டது.

அந்தக் கோபத்தில் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினார்கள்: "மில்லுக்கு வேண்டிய செலவுகளைப் பொருளாளர் தேவைக்கேற்பச் செய்துகொள்ளலாம்." ஒரே வரி. ஆறு மாதத்தில் புதுத் தராசு, சல்லடை, கூரைக்குத் தகரம், தண்ணீர்த் தொட்டி என்று ரூ.23,400 செலவானது. எல்லாம் மில்லுக்கு வாங்கியதுதான். ஆனால் கரண்ட் பில் கட்டப் பணம் இல்லாமல் போனபோது உறுப்பினர்கள் பேச ஆரம்பித்தார்கள். பொருளாளர் தப்பாக எடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் எல்லைக்குள்தான் நடந்தார் என்று காட்ட எல்லை என்று ஒன்று எழுதப்படவே இல்லையே! அழுதுகொண்டே பொறுப்பை விட்டுப் போனார்.

முதல் தடவை அதிகாரம் கொடுக்காமல் கெட்டது. இரண்டாம் தடவை அளவில்லாமல் கொடுத்துக் கெட்டது. மூன்றாவதாக அவர்கள் எழுதிய தீர்மானத்தைத்தான் உங்களுக்கு விளக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். செலவு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் மூன்று வேலை இருக்கிறது. இந்தச் செலவு செய்யலாம் என்று ஒப்புதல் கொடுப்பது ஒன்று. கடைக்குப் போய் வாங்கி, பில் கொண்டுவருவது ஒன்று. செக்கில் கையெழுத்து போட்டுப் பணத்தை விடுவிப்பது ஒன்று. மூன்றையும் ஒரே ஆள் செய்தால் கேட்பாரே இல்லை. கேட்டவரே ஒப்புதல் கொடுக்கக் கூடாது, வாங்கியவரே தனியாகப் பணம் விடுவிக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எவ்வளவு வரைக்கும் என்று முடிவு செய்ய அவர்கள் ஒரு மத்தியானம் முந்தைய வருட ரொக்கப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார்கள். மில் செலவுகளை மட்டும் பென்சிலால் குறித்தோம். பெல்ட், எண்ணெய், சாக்கு, துடைப்பம் என்று பெரும்பாலானவை ஆயிரத்துக்குள். ரிப்பேர் செலவு மூவாயிரம் முதல் ஏழாயிரம் வரை, வருடத்துக்கு நாலைந்து தடவை. அதற்கு மேலே போனவை ஒன்றிரண்டுதான். இப்படிப் பார்த்தால் எல்லை தானாகவே தெரிகிறது. வேறு கூட்டமைப்பின் தொகையை அப்படியே காப்பி அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. எல்லையை ரொம்பக் குறைத்து வைத்தால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கூட்டம் கூட்ட வேண்டிவரும், பிறகு எல்லாருமே தீர்மானத்தை மறந்துவிடுவார்கள்.

அவர்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"மாவு மில் செலவுகளுக்குக் கீழ்க்கண்டவாறு அதிகாரம் அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு வேலைக்கு ரூ.1,000 வரை மில் பொறுப்பாளர் தன் கைச்செலவுப் பணத்திலிருந்து செய்யலாம். அவர் கையில் எந்த நேரமும் ரூ.3,000-க்கு மேல் இருக்கக் கூடாது. ரூ.1,000-க்கு மேல் ரூ.7,500 வரை ரிப்பேருக்கும் உதிரி பாகத்துக்கும் மட்டும் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் எழுத்தில் ஒப்புதல் தரலாம். இவ்வகைச் செலவு ஒரு மாதத்தில் மொத்தம் ரூ.10,000-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் செயற்குழு ஒப்புதல் வேண்டும். புது இயந்திரம் வாங்குவதும் கடன் வாங்குவதும் எந்தத் தொகையானாலும் பொதுக்குழு முடிவு. ஒரே வேலைக்கான எல்லாப் பில்லும் சேர்ந்ததே ஒரு செலவாகக் கருதப்படும். தன் வீட்டாரிடமோ உறவினர் கடையிலோ வாங்கும் செலவுக்கு ஒருவர் தானே ஒப்புதல் தரக் கூடாது. செய்த செலவுகள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இது வருகிற மார்ச் 31 வரை செல்லும்."

இதை எழுதும் முன் உங்கள் கூட்டமைப்பின் துணை விதியைப் பாருங்கள். பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று துணை விதி சொல்வதைச் செயற்குழு தீர்மானம் போட்டு நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட முடியாது. தன்னிடம் உள்ள அதிகாரத்தைத்தான் ஒருவர் கொடுக்க முடியும்.

இப்போது அதே மோட்டார் மறுபடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவி ஊரில் இல்லை. மில் பொறுப்பாளர் மெக்கானிக்கிடம் மதிப்பீடு எழுதி வாங்குகிறார், ரூ.6,800. ஆயிரத்துக்கு மேல், எனவே அவரால் முடியாது. ஏழாயிரத்து ஐநூறுக்குள், ரிப்பேர் செலவு, அந்த மாதம் வேறு ரிப்பேர் இல்லை. எனவே செயலாளரும் பொருளாளரும் மதிப்பீட்டின் மேலேயே "ஒப்புதல்" என்று எழுதி, தீர்மான எண்ணையும் தேதியையும் போட்டுக் கையெழுத்து இடுகிறார்கள். கணக்காளர் தீர்மானத்தோடு ஒத்துப் பார்த்துச் செக் எழுதுகிறார். வேலை முடிந்ததும் மில் பொறுப்பாளர் பில்லைக் கொண்டுவந்து செலவுச் சீட்டோடு சேர்க்கிறார். அடுத்த கூட்டத்தில் படிக்கிறார்கள். மில் மறுநாளே ஓடும், "யாரைக் கேட்டு கொடுத்தே?" என்று கேட்டால் காட்டுவதற்குக் காகிதமும் இருக்கும்.

அதே ரிப்பேருக்கு ரூ.9,000 ஆகும் என்றால்? அப்போது செயற்குழுவைக் கூட்டத்தான் வேண்டும். குறைந்த பட்சம் எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று துணை விதியில் இருக்கும், அவசரக் கூட்டமாக மாலையிலேயே கூட்டலாம். ஆனால் சிலர் வேறு வழி பார்ப்பார்கள். காயிலுக்கு ரூ.6,000 ஒரு பில், பேரிங்குக்கும் கூலிக்கும் ரூ.3,000 இன்னொரு பில் என்று பிரித்து வாங்கி, இரண்டுமே எல்லைக்குள்தான் என்பார்கள். இதற்காகத்தான் "ஒரே வேலைக்கான எல்லாப் பில்லும்" என்ற வரி. கூட்டத்தில் செலவு படிக்கும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள், கடை பேரையும் தேதியையும் கேளுங்கள். ஒரே கடை, ஒரே வாரம், எல்லைக்கு நூறு இருநூறு குறைவாகவே பில்கள் வந்தால் பிரித்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். எல்லா நேரமும் அது கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பல இடத்தில் எல்லை குறைவாக இருப்பதுதான் காரணம். அப்போது எல்லையைக் கூட்டித் திருத்தித் தீர்மானம் போடுங்கள்.

இன்னொரு பெரிய ஓட்டை, முன்கூட்டியே கையெழுத்து போட்டு வைத்த வெறும் செக். "அக்கா அடிக்கடி வெளியூர் போவாங்க, நாலு செக்ல போட்டு வெச்சுட்டுப் போவாங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு கையெழுத்து என்ற பாதுகாப்பே போய், ஒரு கையெழுத்துக் கணக்காகிவிடுகிறது. மூவரில் எந்த இருவரும் என்று இருந்தால் இதற்கு அவசியமே வராது. செக் புத்தகத்தை மாதம் ஒரு தடவை எடுத்து, எழுதாத செக்கில் கையெழுத்து இருக்கிறதா, அடிக்கட்டைகள் எல்லாம் நிரப்பியிருக்கிறதா என்று கையெழுத்து போடாத ஒரு உறுப்பினர் பார்க்கலாம்.

இப்போது போனில் பணம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. கூட்டமைப்புக் கணக்கோடு ஒருவருடைய போன் எண் மட்டும் இணைந்து, அதற்கு வரும் ஓடிபி-யை வைத்தே பணம் போகுமானால், அந்த ஓடிபி-தான் கையெழுத்து. மூவரில் இருவர் என்று வங்கியில் எழுதிக் கொடுத்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். உங்கள் கணக்கில் அப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால், இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் போகாதபடி மாற்றச் சொல்லுங்கள், அல்லது இருப்புப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண், யாருடையது என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள்.

கடைசியாக நிர்வாகிகள் மாறும் நேரம். தேர்தல் முடிந்து மாலை போட்டுவிட்டு வங்கிக்குப் போவதை மறந்துவிடுகிறோம். புதுத் தீர்மானத்தின் நகல் வங்கிக்குப் போய்ச் சேரும் வரை வங்கியைப் பொறுத்தவரை பழைய நிர்வாகிகளின் கையெழுத்துதான் செல்லும். நகலில் புதியவர்கள் பெயர் மட்டும் போதாது, இன்னார் இன்னாருடைய கையெழுத்து அதிகாரம் ரத்து செய்யப்படுகிறது என்று பழையவர்கள் பெயரையும் எழுதுங்கள். புதியவர்களின் அடையாளச் சான்று, போட்டோ, மாதிரிக் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்த நகலின் இன்னொரு பிரதியில் வங்கியின் சீலும் தேதியும் வாங்கித் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டிவிடுங்கள். அதே நாள், செலவு எல்லைக்கான தீர்மானத்தையும் புது நிர்வாகிகள் முன்னால் படித்து, தொகையை மாற்ற வேண்டுமா என்று கேட்டு மறுபடி நிறைவேற்றுங்கள்.