மருத்துவக் கட்டுரையின் எண்கள் திருத்தப்படும் விதம்

மருத்துவ இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரையில் ‘முடிவுகள்’ என்ற பகுதியில்தான் எண்கள் நெருக்கமாக இருக்கும். எத்தனை பேருக்கு நோய் குறைந்தது, இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு, அந்த வேறுபாட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். இதழின் பிரதி திருத்துநர் அந்த எண்களில் இரண்டு வகைக் குறைகளைத் தேடுகிறார். எண் சரியாக இருந்தும் எழுதிய முறை இதழின் விதிக்குப் பொருந்தாமல் இருப்பது ஒரு வகை. அதைத் திருத்துநரே சரிசெய்துவிடலாம். எண்ணே பிழையோ என்று சந்தேகம் எழுவது மற்றொரு வகை. அதில் திருத்துநர் கைவைக்கக் கூடாது. காரணத்தைச் சொல்லி ஆசிரியரிடம் கேள்வி எழுப்ப வேண்டும். மூலத் தரவு ஆசிரியரிடம்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஓர் ஆய்வைக் கொண்டு இதைப் பார்க்கலாம். வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 120 பேரில் 60 பேருக்குப் பழைய முறையிலும் 60 பேருக்குப் புதிய முறையிலும் காயத்துக்குக் கட்டுப் போடப்பட்டது. கையெழுத்துப் பிரதியின் முடிவுப் பகுதி இப்படி இருக்கிறது: பழைய முறையில் 18 பேருக்கும் (30.00%) புதிய முறையில் 8 பேருக்கும் (13.33%) காயத்தில் தொற்று ஏற்பட்டது, ஒப்பீட்டு அபாயம் 0.4444, 95% நம்பிக்கை இடைவெளி 0.21-1.94, P=0.0267. மருத்துவமனையில் தங்கிய நாள்களின் சராசரி 7.2167, 5.4500, வேறுபாடு 1.7667; P=0.000. காய்ச்சல் வந்தவர்கள் 9 பேர், 7 பேர்; P=NS; ‘ஆகவே காய்ச்சலில் இரு குழுக்களும் சமம்’.

முதலில் தசம இடங்கள். அறுபது பேர் கொண்ட குழுவில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் 1.67 மாறும். அப்படியிருக்கும்போது 13.33 என்பதில் உள்ள கடைசி 3 எந்தச் செய்தியையும் தருவதில்லை. 30.0%, 13.3% என்று ஒரு தசம இடம் போதும். நூறு பேருக்கும் குறைந்த குழு என்றால் தசமமே வேண்டாம், 30%, 13% என்றே எழுதுக என்று சொல்லும் இதழ்களும் உண்டு. மருத்துவமனையில் தங்கிய நாள்கள் முழு எண்களாகத்தான் குறிக்கப்படுகின்றன. எனவே சராசரிக்கு மூல அளவீட்டைவிட ஓர் இடம் கூடுதலாக, அதாவது 7.2, 5.5 என்று எழுதினால் போதும். ஒப்பீட்டு அபாயம் போன்ற விகிதங்களுக்கு இரண்டு இடங்கள் வழக்கம்: 0.44.

இப்படிச் சுருக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. 7.2இலிருந்து 5.5ஐக் கழித்தால் 1.7 கிடைக்கிறது. ஆனால் ஆசிரியர் தந்த வேறுபாடான 1.7667ஐச் சுருக்கினால் 1.8 வருகிறது. கணக்கில் பிழை என்று எண்ணி 1.8ஐ 1.7 ஆக்கினால், சரியான எண் பிழையான எண்ணாகிவிடும். கணக்கைச் சுருக்காத எண்களில் செய்து, சுருக்குவதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே 1.8 என்பதே சரி. வாசகர் குழம்பக்கூடும் என்று தோன்றினால், ‘சுருக்கியதால் கழித்தல் சற்று மாறித் தெரியலாம்’ என்று அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்புச் சேர்க்கலாம்.

சதவீதங்களைக் கொண்டு வேறொரு சோதனையும் செய்ய முடியும். 60 பேரில் 8 பேர் என்றால் 13.3%, 9 பேர் என்றால் 15.0%. இடைப்பட்ட எண் எதுவும் வர வழியில்லை. அட்டவணையில் ‘8 (14.3%)’ என்று இருந்திருந்தால், வகுக்கும் எண் 60 அல்ல, 56 என்பது தெரிந்துவிடும். நான்கு பேரின் தரவு விடுபட்டிருக்கலாம். அந்த நால்வருக்கு என்ன ஆயிற்று என்பது ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. 14.3ஐ 13.3 என்று தட்டச்சுப் பிழைபோல் மாற்றிவிட்டால், வாசகர் அறிய வேண்டிய ஒரு செய்தி மறைந்துபோகும்.

அடுத்தது பி மதிப்பு. இரு சிகிச்சைகளுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆய்வில் கண்ட அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவே அது. நிகழ்தகவு மிகச் சிறியதாக இருக்கலாம். இத்தகைய ஆய்வில் அது சுழியாகிவிடுவதில்லை. எனவே P=0.000 என்று எழுதுவது தவறு. எஸ்.பி.எஸ்.எஸ் போன்ற மென்பொருளின் பழைய பதிப்புகள் மூன்று தசம இடங்களை மட்டும் காட்டுவதால் .000 என்று திரையில் தெரிகிறது. பலர் அதை அப்படியே கட்டுரையில் ஒட்டிவிடுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட ஆய்வில் தங்கிய நாள்களுக்கான பி மதிப்பு சுமார் 0.00003 என்று வைத்துக்கொள்வோம். அதை P<0.001 என்று எழுத வேண்டும். இதேபோல் P=1.000 என்று வருவதை P>0.99 என்று எழுதச் சொல்லும் இதழ்கள் உண்டு.

பெரிய மருத்துவ இதழ்களில் பரவலாக உள்ள விதி இதுதான்: 0.01க்கு மேற்பட்ட பி மதிப்புக்கு இரண்டு தசம இடங்கள், 0.001க்கும் 0.01க்கும் இடைப்பட்டதற்கு மூன்று. அதற்கும் கீழே P<0.001. அதன்படி 0.0267 என்பது 0.03 ஆகும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பி மதிப்பு 0.048 என்றால் அதை 0.05 என்று சுருக்கக் கூடாது. 0.05 என்பதையே எல்லையாக வைத்துப் படிக்கும் வாசகருக்கு, எல்லைக்கு உட்பட்ட எண் எல்லையிலேயே நிற்பதுபோல் தெரிந்துவிடும். அங்கே மூன்றாவது இடத்தை விட்டுவைப்பதே சரி.

எழுதும் வடிவம் இதழுக்கு இதழ் மாறும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேட்டைப் பின்பற்றும் இதழ்கள் பி மதிப்பில் புள்ளிக்கு முன் சுழி இடாமல் .03 என்று எழுதும். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 0.03 என்று எழுதும். லான்செட் தசமப் புள்ளியை வரியின் நடு உயரத்தில் வைத்து 0·03 என்று அச்சிடும். இவற்றையெல்லாம் யாரையும் கேட்காமல் திருத்தலாம். ‘NS’ என்பது அப்படியல்ல. புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை என்பதன் சுருக்கம் அது. எண் இல்லாமல் அதைத் திருத்த வழியில்லை. 0.06 என்றாலும் 0.90 என்றாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் நிற்கும். சரியான மதிப்பைத் தரும்படி ஆசிரியரைக் கேட்க வேண்டும். 9 பேர், 7 பேர் என்ற எண்களுக்குக் கை வர்க்கச் சோதனை செய்தால் P=0.59 வருகிறது.

மூன்றாவது நம்பிக்கை இடைவெளி. ஒரே ஆய்வைப் பலமுறை செய்து ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளியைக் கணக்கிட்டால், நூற்றில் 95 இடைவெளிகள் உண்மையான மதிப்பை உள்ளடக்கியிருக்கும் என்பதே 95% என்பதன் பொருள். வேறுபாடு எவ்வளவு, அதில் எவ்வளவு ஐயம் என்ற இரண்டையும் பி மதிப்பு சொல்லாது, இடைவெளி சொல்லும். இதனால்தான் 1986இல் மார்ட்டின் கார்ட்னரும் டக்ளஸ் ஆல்ட்மனும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், பி மதிப்பை மட்டும் நம்பியிராமல் நம்பிக்கை இடைவெளியைத் தர வேண்டும் என்று எழுதினார்கள்.

நம் பிரதியில் ஒப்பீட்டு அபாயத்தின் இடைவெளி 0.21-1.94 என்று உள்ளது. ஒப்பீட்டு அபாயம் 1 என்றால் இரு சிகிச்சைகளும் ஒன்றே என்று பொருள். இந்த இடைவெளிக்குள் 1 இருக்கிறது. ஆனால் பி மதிப்போ 0.05க்குக் கீழே. இரண்டும் பொதுவாக ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதால் இங்கே சந்தேகம் எழுகிறது. அதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. விகிதங்களுக்கு மடக்கை முறையில் இடைவெளி கணக்கிடப்படுவதால், இரு எல்லைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நடு மதிப்பு கிடைக்க வேண்டும்.

```
√(0.21 × 1.94) = 0.64
√(0.21 × 0.94) = 0.44
```

கட்டுரை தரும் மதிப்பு 0.44. ஆகவே மேல் எல்லை 0.94 ஆக இருக்க வேண்டும். தட்டச்சில் 0 என்பது 1 ஆகியிருக்கிறது. 18, 8 என்ற மூல எண்களிலிருந்து கணக்கிட்டாலும் 0.21, 0.94 என்ற எல்லைகளே வருகின்றன. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திருத்துநர் தாமாக மாற்றாமல், ‘மேல் எல்லை 0.94 என்று இருக்க வேண்டுமா? உறுதிசெய்க’ என்று ஓரக்குறிப்பு எழுதுவார். ஒருவேளை பிழை இடைவெளியில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். அதே எண் சுருக்கவுரையிலும் அட்டவணையிலும் எப்படி இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை அதே குறிப்பில் சேர்ப்பார்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 0.21, 0.94 என்ற எல்லைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பி மதிப்பு சுமார் 0.034 வருகிறது, கட்டுரையில் உள்ளது 0.0267. இது பிழையன்று. ஆசிரியர் பி மதிப்பைக் கை வர்க்கச் சோதனையாலும், இடைவெளியை மடக்கை முறையாலும் பெற்றிருக்கிறார். முறைகள் வேறு என்பதால் விடைகள் சற்று விலகும். எல்லைக்கு அருகில் இந்த விலகல், ஒரு முறை 0.05க்குக் கீழும் மறுமுறை மேலும் காட்டக்கூடும். எனவே சிறு விலகலைக் கண்டால் எந்தச் சோதனை பயன்பட்டது என்று கேட்க வேண்டும். 0.21-1.94 போல விகிதமே பொருந்தாத விலகல் என்றால் எண் பிழை என்று ஐயப்படலாம்.

கடைசியாக, காய்ச்சலில் இரு குழுக்களும் சமம் என்ற வாக்கியம். 15.0 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் இடையே வேறுபாடு 3.3 சதவீதப் புள்ளிகள். அதன் 95% இடைவெளி −8.8 முதல் 15.5 வரை. புதிய முறை காய்ச்சலைப் 15 புள்ளிகளுக்கு மேல் குறைத்திருக்கலாம்; கிட்டத்தட்ட 9 புள்ளிகள் கூட்டியும் இருக்கலாம். இதைச் சமம் என்று சொல்ல இயலாது. வேறுபாடு உண்டா இல்லையா என்று முடிவுசெய்ய இந்த ஆய்வின் அளவு போதவில்லை என்றே சொல்ல முடியும். அந்த வாக்கியத்தை மாற்றும்படி திருத்துநர் ஆசிரியரிடம் பரிந்துரைப்பார். எல்லைகளுக்கு நடுவே சிறுகோடு இட்டால் கழித்தல் குறியோடு மயங்கும் என்பதால் ‘முதல்… வரை’ என்றே எழுத வேண்டும்.

ஆசிரியரின் பதில் வந்தபின் அந்தப் பகுதி இவ்வாறு அமையும்: காயத்தில் தொற்று பழைய முறையில் 18 பேருக்கும் (30.0%) புதிய முறையில் 8 பேருக்கும் (13.3%) ஏற்பட்டது, ஒப்பீட்டு அபாயம் 0.44, 95% நம்பிக்கை இடைவெளி 0.21 முதல் 0.94 வரை, P=0.03. தங்கிய நாள்களின் சராசரி 7.2, 5.5; வேறுபாடு 1.8 நாள், 95% இடைவெளி 1.0 முதல் 2.6 வரை, P<0.001. காய்ச்சல் 9 பேருக்கும் (15.0%) 7 பேருக்கும் (11.7%) வந்தது; வேறுபாடு 3.3 சதவீதப் புள்ளிகள், 95% இடைவெளி −8.8 முதல் 15.5 வரை, P=0.59. இவற்றுள் தசமங்களும் P<0.001 என்ற வடிவமும் திருத்துநர் செய்தவை, 0.94, 0.59 ஆகிய எண்களும் புதிதாகச் சேர்ந்த இடைவெளிகளும் ஆசிரியர் தம் தரவைப் பார்த்து உறுதிசெய்து தந்தவை.