கொட்டேஷனைத் திருப்பி அனுப்பும் மின்னஞ்சல்

மழையில் சாய்ந்த காம்பவுண்டு சுவரை மறுபடி எழுப்ப வேண்டும். அஸ்திவாரமும் அதன் மேலுள்ள கான்கிரீட் பெல்ட்டும் உறுதியாகவே இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் கொட்டேஷன் அனுப்புகிறார்: "காம்பவுண்டு சுவர் 350 சதுர அடி, பூச்சு வேலையுடன், லம்ப்சம் ரூ.1,60,000." தொகை கூடுதல் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றுகிறது. ஆனால் எங்கே கூடுதல் என்று அந்த வரியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

இந்த இடத்தில் பலரும் போனை எடுத்து, "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்கிறார்கள். அவரும் பத்தாயிரம் குறைப்பார். எதைக் குறைத்தார் என்பது மட்டும் தெரியாது. சிமெண்ட் கலவையில் அது கழிந்துவிட்டால் நஷ்டம் சுவருக்குத்தான். அதனால் தள்ளுபடி கேட்பதைவிடக் கணக்கைக் கேட்பதே சரி, அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் வீட்டுக்காரர் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிட வேண்டும். இந்தச் சுவரின் மொத்த ஓட்டம் 70 அடி. அதில் 10 அடி கேட்டுக்குரிய இடைவெளி. ஆக, கட்ட வேண்டியது 60 அடி நீளம், 5 அடி உயரம், அதாவது 300 சதுர அடி. கொட்டேஷனில் உள்ள 350 கேட்டைக் கழிக்காமல் போட்ட அளவு.

அடுத்து பொருள். சுவர் 9 அங்குலக் கனம் என்றால் 225 கன அடி கட்டுவேலை வரும். ஒரு கன அடிக்குச் சுமார் 14 செங்கல் வீதம், சேதாரத்தையும் சேர்த்து 3,350 செங்கல் போதும். கட்டுவேலைக்கு 1:6 கலவையில் ஏறக்குறைய 9 மூட்டை சிமெண்ட், இருபுறமும் 12 மில்லிமீட்டர் பூச்சுக்கு 1:5 கலவையில் 5 மூட்டை. இரண்டுக்கும் சேர்த்து மணல் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி.

செங்கல் 10 ரூபாய், சிமெண்ட் மூட்டை 350, மணல் யூனிட் 6,000 என்று வைத்துக்கொண்டால் பொருளுக்கு ரூ.44,400 ஆகிறது. கூலி ரூ.36,000 என்று வைத்துக்கொள்வோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்தக்காரரின் நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் 15 சதவீதம் சேர்ப்பது வழக்கம். அதையும் கூட்டினால் சுமார் ரூ.92,500. அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்து 18 சதவீதம் வரி போட்டாலும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்தைச் சுற்றியே நிற்கும். விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இந்த எண்களை வாசகர்கள் தங்கள் பகுதிக் கடையில் விசாரித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி மின்னஞ்சல்:

"பொருள்: காம்பவுண்டு சுவர் கொட்டேஷன் – திருத்திய மதிப்பீடு கோருதல்

ஐயா, வணக்கம். தாங்கள் அனுப்பிய ரூ.1,60,000 கொட்டேஷனை இப்போதுள்ள வடிவில் ஏற்க இயலவில்லை. கேட் இடைவெளி 10 அடியைக் கழித்தால் சுவரின் பரப்பு 300 சதுர அடிதான். எங்கள் கணக்கில் வரும் தொகைக்கும் தங்கள் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆகவே செங்கல், சிமெண்ட், மணல் ஒவ்வொன்றுக்கும் அளவு, தரம் அல்லது பிராண்டு, ஓர் அலகின் விலை, மொத்தம் எனத் தனித்தனியாக எழுதி அனுப்பவும். கட்டுவேலைக் கூலி, பூச்சுக் கூலி, வண்டி வாடகை, தங்கள் லாபம், ஜிஎஸ்டி ஆகியவற்றையும் தனி வரிகளாகக் காட்டவும். கலவை விகிதத்தையும் குறிப்பிடவும். வரும் சனிக்கிழமைக்குள் அனுப்பினால் ஞாயிறு அன்று இடத்திலேயே இருவரும் சேர்ந்து அளந்து முடிவு செய்யலாம். எழுத்தில் உறுதி செய்யும் வரை பொருள் எதுவும் இறக்க வேண்டாம்."

இதில் "ஏமாற்றுகிறீர்கள்" என்ற தொனி எங்கும் இல்லை. அது தேவையும் இல்லை. வண்டி நுழையாத சந்தில் செங்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம், இடிபாடுகளை அள்ளிக் கொட்டும் செலவும் தொகைக்குள் இருக்கலாம். தனி வரியில் எழுதினால் அந்த நியாயமும் வெளியே தெரியும்.

திருத்திய மதிப்பீடு வந்ததும் முதலில் அளவுகளைப் பார்க்க வேண்டும், விலையை அதன் பிறகு பார்க்கலாம். சிமெண்ட் 30 மூட்டை என்றிருந்தால் காரணம் கேட்க வேண்டும். 7 மூட்டை என்றிருந்தாலும் கேட்க வேண்டும், ஏனென்றால் சொன்ன கலவை விகிதம் அதில் வராது. பொருள் விலை இறங்கி, கூலி அதே அளவுக்கு ஏறி, மொத்தம் அசையாமல் இருந்தால் கணக்கு பின்னோக்கிப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்து எழுதியிருந்தால் அதையும் சுட்டிக்காட்டலாம்.

அளவும் விலையும் தனித்தனியாக எழுதப்பட்ட மதிப்பீடு கைக்கு வராமல் யாரும் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.