பத்தொன்பது கருவிகள், நான்கு வாக்கியங்கள்

ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு டெவ்ஆப்ஸ் பொறியாளரின் ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். பெயர், கைபேசி எண், அதற்குக் கீழே ‘சம்மரி’ என்றொரு தலைப்பு. அதில் இப்படி எழுதியிருக்கிறது: லினக்ஸ், விண்டோஸ் சர்வர், விஎம்வேர், ஏடபிள்யூஎஸ், அஷூர், டாக்கர், குபர்நெட்டிஸ், ஜென்கின்ஸ், அன்சிபிள், டெராஃபார்ம், கிட், பைத்தான், பாஷ், நாகியாஸ், ப்ராமிதியஸ், கிராஃபானா, மைஎஸ்க்யூஎல், ஜிரா, சர்வீஸ்நவ் ஆகியவற்றில் ஒன்பது ஆண்டு நேரடி அனுபவம், கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து வேலை செய்பவர்.

மொத்தம் பத்தொன்பது கருவிகள். படித்து முடிக்கும்போது ஒரு கேள்விக்குக்கூட விடை கிடைப்பதில்லை. இவர் என்னதான் வேலை செய்தார்? இரவுப் பணியில் சர்வர்களைக் கண்காணித்தாரா, புதிதாக ஒன்றை வடிவமைத்தாரா? ‘ஒன்பது ஆண்டு’ என்பது இதில் எந்தக் கருவிக்கு? லினக்ஸை ஒன்பது ஆண்டு தொட்டிருப்பார், டெராஃபார்மை இரண்டு ஆண்டுதான் தொட்டிருப்பார். ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கோத்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுதியவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. வாக்கியத்தின் அமைப்பே அவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ரெஸ்யூமேவுக்கு இரண்டு விதமான வாசிப்பு உண்டு. முதலாவது தேடல். நௌக்ரி போன்ற தளத்திலோ, நிறுவனத்தின் சொந்த விண்ணப்ப மென்பொருளிலோ, ரெக்ரூட்டர் இரண்டு மூன்று கருவிகளின் பெயரைத் தட்டுகிறார். அந்தச் சொற்கள் இருக்கும் ரெஸ்யூமேக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரண்டாவது, அந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து மனிதக் கண் பார்ப்பது. தேடலில் விடுபட்டுவிடுவோமோ என்ற பயத்தில், எல்லாச் சொற்களையும் பக்கத்தின் உச்சியில் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் தேடும் மென்பொருளுக்கு உச்சி, அடி என்ற பேதம் பெரும்பாலும் கிடையாது. ‘குபர்நெட்டிஸ்’ என்ற சொல் சம்மரியில் இருந்தாலும் திறன் பட்டியலில் இருந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். உச்சியிலேயே இருக்க வேண்டியது மனிதக் கண்ணுக்கானது மட்டும்தான்.

அந்தக் கண் எவ்வளவு நேரம் தங்கும்? அமெரிக்காவின் ‘தி லேடர்ஸ்’ என்ற வேலைவாய்ப்புத் தளம் 2012இல் முப்பது ரெக்ரூட்டர்களின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவுசெய்தது. முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்டது சுமார் ஆறு விநாடி. 2018இல் மறுபடி செய்த ஆய்வில் அது 7.4 விநாடி. சிறிய ஆய்வுதான், அதுவும் அமெரிக்காவில் நடந்தது. இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும், நூறு ரெஸ்யூமேக்களை வரிசையில் வைத்திருப்பவர் பத்தொன்பது பெயர்களுக்கு நடுவில் ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார் என்பதை அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் பட்டியலையும் கதையையும் எப்படிப் பிரிப்பது? நம் பொறியாளரிடமே போவோம். அவர் கற்பனை மனிதர்தான், ஆனால் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் எந்த அலுவலகத்திலும் அவரைப் பார்க்கலாம். கதை எழுதச் சொன்னால் அவருக்குக் கை ஓடாது. கேள்வி கேட்டால் வாய் திறக்கும். முன்பு அவரோடு வேலை செய்த சீனியர் ஒருவர் டீக்கடையில் வைத்துக் கேட்கிறார்.

“நீ அந்த புராஜெக்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரிலீஸ் எப்படி நடந்துச்சு?”

“மாசத்துக்கு ஒரு தடவைண்ணா. சனிக்கிழமை ராத்திரி சர்வீஸை நாலு மணி நேரம் நிறுத்தி வெச்சுட்டுப் பண்ணுவோம். ஆறு பேர் முழிச்சிருக்கணும். பாதி நேரம் சொதப்பிடும், பழையபடி திருப்பி வைக்கணும்.”

“இப்போ?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை, பகல்லயே. சர்வீஸ் நிக்காது. யாரும் முழிச்சிருக்க வேண்டாம்.”

“அதுல நீ செஞ்சது எது?”

“மூணு பேர் டீம்ணா. ஜென்கின்ஸ் பைப்லைனும் குபர்நெட்டிஸ் பக்கமும் நான். டேட்டாபேஸ் பக்கம் இன்னொருத்தர்.”

சம்மரிக்கு வேண்டியது முழுக்க இந்தப் பதில்களில் இருக்கிறது. முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது, அதில் இவருடைய கை எது. கருவிகள் இரண்டே இரண்டுதான் வந்தன. அவையும் தானாக வந்தன. ‘வெளியீட்டு நேரத்தை எண்பது சதவீதம் குறைத்தேன்’ என்று எழுதுவதைவிட ‘மாதம் ஒருமுறை நான்கு மணி நேரம் நிறுத்தி நடந்தது, இப்போது வாரம் இருமுறை நிறுத்தாமல் நடக்கிறது’ என்பது வலுவானது. எதிலிருந்து எண்பது சதவீதம் என்று நேர்காணலில் கேட்டால் தடுமாறுபவர்கள் நிறையப் பேர். நான்கு மணி நேரம் என்பது அவரே கண்விழித்திருந்த நேரம், அதில் தடுமாற வழியில்லை. ‘மூவர் குழுவில்’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. தொழில்நுட்பச் சுற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படிப்பட்ட மாற்றத்தை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பது தெரியும்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். அதில் வரவேண்டிய சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

‘ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள டெவ்ஆப்ஸ் பொறியாளர், சேவை நிற்காமல் மென்பொருளை வெளியிடுவது முதன்மை வேலை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி மென்பொருளில், மாதம் ஒருமுறை நான்கு மணி நேரம் சேவையை நிறுத்தி நடந்த வெளியீட்டை வாரம் இருமுறை பகலில் நடக்கும்படி மாற்றிய மூவர் குழுவில், ஜென்கின்ஸ், குபர்நெட்டிஸ் பகுதிகளை வடிவமைத்தவர். அதற்கு முன் நான்கு ஆண்டு லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்ததால், வெளியீடு எங்கே உடையும் என்பதை இயக்கும் பக்கத்திலிருந்து அறிந்தவர். பல குழுக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வெளியீட்டுத் தளத்தை உருவாக்கும் பொறுப்பை அடுத்து எதிர்பார்க்கிறார்.’

நான்கு வாக்கியங்கள், மூன்று கருவிகள். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம்தராது; ‘காப்பீட்டு நிறுவனம்’ என்று துறையைச் சொன்னால் போதும். ஒரு கருவி சம்மரியில் இருக்கலாமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அந்தப் பெயரை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். பொருள் குறைந்தால் அது அங்கே இருக்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால் அதன் இடம் பட்டியல்.

மீதிக் கருவிகள் அந்தப் பட்டியலுக்குப் போகின்றன, ஆனால் எல்லாமே அல்ல. மைஎஸ்க்யூஎல்லில் இவர் பேக்கப் எடுத்தது மட்டும்தான். இண்டெக்ஸ் பற்றி ஒரு கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வார், ஆகவே அதை எடுத்துவிடலாம். ஜிராவும் சர்வீஸ்நவ்வும் இந்தத் துறையில் கிட்டத்தட்ட எல்லோரும் தொடுபவை. விளம்பரம் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அவை இடத்தைத்தான் அடைக்கும். நாகியாஸ், விஎம்வேர், விண்டோஸ் சர்வர் மூன்றும் முதல் வேலையோடு முடிந்துபோனவை. அந்த வேலையின் கீழே அவை இருக்கட்டும். எஞ்சியவை அவை செய்யும் வேலையின்படி சேர்ந்து நிற்கும்:

```
Cloud: Amazon Web Services, AWS, Azure
Containers: Docker, Kubernetes
CI/CD: Jenkins, Git
Infrastructure as Code: Terraform, Ansible
Monitoring: Prometheus, Grafana
Scripting: Python, Bash
OS: Linux
```

இங்கே எழுத்துகளில் கவனம் வேண்டும். தேடுபவர் முழுப் பெயரைத் தட்டலாம், சுருக்கப் பெயரையும் தட்டலாம். இரண்டையும் சமமாக எண்ணாத மென்பொருள்கள் உண்டு. அதனால்தான் மேலே அமேசானின் பெயர் இரண்டு விதமாகவும் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு கருவியின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, பட்டியலிலும் அப்படியே இருப்பது நல்லது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு, எண்பது சதவீதம் நிரம்பிய பட்டை என்று திறமையைப் படமாகப் போடுவது இப்போது நிறைய வார்ப்புகளில் வருகிறது. அந்த எண்பது எதன் எண்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. மென்பொருளாலும் படத்தைப் படிக்க முடிவதில்லை. இரண்டு பத்திகளாகப் பிரித்த வார்ப்புகளில் வேறொரு தொல்லை: எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் கலந்துவிடுவதுண்டு. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கே குழம்பித் தெரிவது, விண்ணப்ப மென்பொருளிலும் குழம்ப வாய்ப்பு அதிகம்.

பட்டியலைப் பார்த்த ரெக்ரூட்டர் அடுத்து என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். டெராஃபார்ம் இருக்கிறது என்று கண்டதும், எங்கே பயன்படுத்தினார் என்று வேலை அனுபவப் பகுதிக்கு இறங்குவார். அங்கே ஒரு வரியில்கூட டெராஃபார்ம் இல்லையென்றால், பட்டியலில் இருப்பது வெறும் பெயர் என்ற ஐயம் எழும். ‘டெராஃபார்ம் வைத்து மூன்று சோதனைச் சூழல்களை உருவாக்கியது’ என்ற ஒரு வரி அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். கருவிக்குச் சான்று அனுபவப் பகுதியில்தான் இருக்க வேண்டும். அந்தச் சுமையைச் சம்மரியின் தலையில் ஏற்றியதால்தான் அது பத்தொன்பது பெயர்களாக வீங்கியது.

இந்தப் பிரிவினை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. எஸ்ஏபியில் ஏபாப் எழுதுபவர், சேல்ஸ்ஃபோர்ஸ் டெவலப்பர், மெயின்ஃப்ரேமில் கோபால் நிரல்களைப் பராமரிப்பவர் ஆகியோருக்குக் கருவியின் பெயரே பதவியின் பெயர். அதைப் பட்டியலுக்குள் ஒளித்தால் யார் இவர் என்பதே தெரியாது; முதல் வாக்கியத்தின் முதல் சொற்களில் அது வர வேண்டும். கல்லூரி முடித்து வருபவரின் நிலை வேறு. அவரிடம் முன்பு, பின்பு என்று சொல்ல வேலைக் கதை இன்னும் இல்லை. கட்டாயப்படுத்தி எழுதினால் ‘ஆர்வமுள்ளவர், விரைவில் கற்பவர்’ என்றுதான் வரும். அவர் சம்மரியை விட்டுவிட்டு, செய்த புராஜெக்ட்டை மேலே வைக்கலாம்.

பிரித்து எழுதியதன் இன்னொரு பயன், இரண்டாவது விண்ணப்பத்தின்போது தெரியவரும். நம் பொறியாளருக்கு ஒரு வங்கியில் சேவைகள் விழாமல் காக்கும் பொறுப்புக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு வரிப் பட்டியலில் அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விளம்பரம் கண்காணிப்புக்கு அழுத்தம் தந்தால் ‘மானிட்டரிங்’ வரியை மேலே ஏற்றுவார், அவ்வளவுதான். சம்மரி மட்டும் புதிதாக எழுதப்படும். போன முறை ஒரே வாக்கியத்தில் கடந்துபோன அந்த நான்கு ஆண்டு இம்முறை முதலில் நிற்கும்: இரவுப் பணியில் வந்த எச்சரிக்கைகளில் எவை வீண், எவை உண்மை என்று பிரித்தது, பயனற்றவற்றை நிறுத்தியது, பிறகு ப்ராமிதியஸில் அந்த விதிகளைத் திருத்தி எழுதியது. வெளியீட்டை மாற்றிய கதை ஒரு வாக்கியமாகச் சுருங்கி அதன் பின்னால் வரும், ஜென்கின்ஸ் பெயர் பட்டியலுக்குத் திரும்பிப்போகும்.