அட்சதை விழும் நொடியில் தெரியும் வித்தியாசம்

இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்தாயிற்று. வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கப் பென்டிரைவில் வேண்டும் என்கிறார்கள் பெண் வீட்டார். பழைய டிவிகள் பலவும் FAT32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்போர்ட் செய்யப் போனால் Hardware Encoding, Software Encoding என்று இரண்டு வழிகள் நிற்கின்றன.

ஹார்டுவேரில் போட்டால் ஃபைல் பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட்தான். வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால், 7,200 வினாடிக்குச் சுமார் 7.2 ஜிபி வரும். 4 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி, பென்டிரைவில் அடங்கிவிடும். எந்த வழியில் போனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அந்த அளவுக்குள் படம் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய ஃப்ரேமில் இருந்த எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்று தேடி, மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஐயர் மந்திரம் சொல்லும் காட்சியில் இது சுலபம். தாலி கட்டும் நொடியிலோ நூற்றுக்கணக்கான அரிசிமணிகளும் பூவிதழ்களும் ஆளுக்கொரு திசையில் பறக்கின்றன, ஃப்ளாஷ் வேறு மின்னுகிறது. x264 போன்ற சாஃப்ட்வேர் என்கோடர், பிராசஸரில் நிதானமாகப் பல வழிகளை முயன்று பார்க்கும். வரப்போகும் ஃப்ரேம்களையும் முன்கூட்டியே அலசி, சும்மா இருக்கும் காட்சியில் பிட்டை மிச்சம்பிடித்து இங்கே செலவழிக்கும். என்விடியாவின் NVENC, இன்டெலின் Quick Sync ஆகியவை சிப்பிலேயே பதித்த தனிச் சுற்றுகள். வேகத்துக்காக அவை தேடலைச் சுருக்கிக்கொள்கின்றன. புதிய சிப்புகளில் இந்த இடைவெளி நன்றாகக் குறைந்திருக்கிறது. 12 மெகாபிட்டில் வைத்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. 4 மெகாபிட்டில் தெரியும்.

சோதிக்க முழு வீடியோவும் வேண்டாம். அட்சதை விழும் 20 வினாடியை மட்டும் ஒரே பிட்ரேட்டில் இரண்டு வழியிலும் எக்ஸ்போர்ட் செய்து, ஒரே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பட்டுப்புடவையின் சரிகை குழைந்திருக்கிறதா, பின்னணியின் இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். இந்தப் பென்டிரைவுக்கு நான் சாஃப்ட்வேரைத்தான் தேர்ந்தெடுப்பேன், ராத்திரி முழுக்க ஓடினாலும் சரி. கல்யாணத்தில் திரும்ப எடுக்க முடியாத நொடி அதுதான்.

ஹார்டுவேருக்கு மாற்றியும் நேரம் குறையவில்லை என்றால், தாமதம் என்கோடிங்கில் இல்லை. டைம்லைனில் போட்ட நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற எஃபெக்ட்டுகளைக் கணக்கிடவே கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அர்த்தம்.

யூடியூபுக்கு என்றால் ஹார்டுவேரே போதும். அங்கே எப்படியும் மறுபடி என்கோட் செய்துவிடுவார்கள்; நாம் தாராளமான பிட்ரேட்டில் கொடுத்தால் சரி. ஆனால் 20 மெகாபிட் வைத்தால் ஃபைல் 18 ஜிபி. அப்லோடு வேகமும் 20 மெகாபிட்தான் என்றால், ஏற்றி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும்.