மழையும் ஒரு துணைவினையும்

ஸ்பானிய மொழியில் ‘யோபேர்’ என்றால் மழை பெய்தல். அதன் முன் ஒரு துணைவினை சேர்ந்தால், அந்தச் செயலின் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறோம் என்பது தெரியும். ‘எம்பியேசா ஆ யோபேர்’ என்றால் பெய்யத் தொடங்குகிறது. ‘சீகே யோபியெந்தோ’ என்றால் இன்னும் விடவில்லை. ‘புவெல்பே ஆ யோபேர்’ என்றால் விட்ட மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த மூன்றும் சுலபம்.

வம்பு ‘அகபார் தே’யில்தான். அகபார் என்பதற்கு முடித்தல் என்று பொருள். ஆனால் நிகழ்காலத்தில் ‘அகாபோ தே கொமேர்’ என்றால் ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’. வடிவம் நிகழ்காலம், செயலோ முடிந்துபோனது. கதை சொல்லும்போது ‘அகபாபா தே கொமேர்’: அப்போதுதான் சாப்பிட்டிருந்தேன். இதையே முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் ‘அகபே தே கொமேர் ஆ லாஸ் தோஸ்’ என்றால், பழைய பொருள் திரும்பிவிடும்: இரண்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தேன். புதிதாகப் படிப்பவர் ‘சற்றுமுன்’ என்று சொல்ல நினைத்து ‘அகபே’ போடுவது இங்கேதான்.

எதிர்மறை இன்னும் விசித்திரம். ‘நோ அகாபோ தே என்தெந்தேர்லோ’ என்பதில் ‘சற்றுமுன்’ என்ற பொருளே இல்லை. எவ்வளவு யோசித்தும் முழுதாகப் பிடிபடவில்லை என்று அலுத்துக்கொள்பவரின் பேச்சு அது.